எஸ்ஏபி திரை "அனுமதி இல்லை" என்று மறுத்தால்: காரணம் என்ன, தடம் பிடிப்பது எப்படி

கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலை, பொள்ளாச்சியில் டிப்போ. நடுவில் கேரள-தமிழ்நாடு எல்லையான வாளையார். நான் எஸ்ஏபி மென்பொருளின் அனுமதிகளைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தின் அமைப்பு இவ்வளவுதான். தொழிற்சாலையின் பிளாண்ட் எண் 1100, டிப்போவின் எண் 1200. ஸ்டோரில் இருப்பவர்களில் பாதிப்பேர் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழர்கள். போன் வந்தால் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, ஆத்தரைசேஷன் இல்லைன்னு வருது."

தைப்பூசத்துக்கு முன்பு ஒரு நாள் அப்படி வந்த ஒரு போனை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். டிப்போ ஸ்டோர்காரர் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பிவிட்டார், ஐந்து நாள் விடுப்பு. அவருடைய வேலையைக் கஞ்சிக்கோட்டில் உட்கார்ந்தபடியே பார்க்க இங்குள்ள ஸ்டோர் தம்பியிடம் சொல்லியிருந்தார்கள். தம்பி `MIGO` திறந்து, டிப்போவுக்கு வந்த சரக்கை வரவு வைக்கப் போனார். திரை மறுத்துவிட்டது. டிப்போவில் லாரி நின்றுகொண்டிருந்தது.

அந்தச் செய்தி எப்போது வருகிறது? எஸ்ஏபி அப்போது எதைச் சோதிக்கிறது?

பலர் நினைப்பது போல ஒரே ஒரு கதவு இல்லை. முதல் கதவு, டிரான்சாக்‌ஷனைத் திறக்கும்போது வருவது. `S_TCODE` என்ற அனுமதி ஆப்ஜெக்ட்டில் அந்த டிரான்சாக்‌ஷனின் பெயர் உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் `You are not authorized to use transaction ...` என்று அங்கேயே நிறுத்திவிடும். இது எளிது, காரணம் செய்தியிலேயே இருக்கிறது.

இரண்டாவது வகை உள்ளே போன பிறகு வருவது. திரை திறந்துவிட்டது, ஆர்டர் எண்ணும் அடித்தாகிவிட்டது. ஆனால் சரிபார்க்கும்போதோ சேமிக்கும்போதோ மறுக்கிறது. தம்பிக்கு வந்தது இந்த வகை. நிரலுக்குள் ஆங்காங்கே இப்படி ஒரு கேள்வி எழுதப்பட்டிருக்கும்:

```
AUTHORITY-CHECK OBJECT 'M_MSEG_WWE'
  ID 'ACTVT' FIELD '01'
  ID 'WERKS' FIELD '1200'.
```

தமிழில் படித்தால்: "பர்ச்சேஸ் ஆர்டருக்கு எதிராகச் சரக்கு வரவு வைப்பது என்ற விஷயத்தில், 1200 பிளாண்ட்டில், புதிதாகப் பதிவு செய்ய இவருக்கு உரிமை உண்டா?" `ACTVT` என்பது என்ன செயல் என்பதைச் சொல்லும் ஃபீல்டு. 01 என்றால் உருவாக்குவது, 02 மாற்றுவது, 03 பார்ப்பது மட்டும். `WERKS` என்பது பிளாண்ட்.

இந்தக் கேள்விக்கு எஸ்ஏபி ஒரு எண்ணைப் பதிலாகத் தரும். 0 என்றால் உரிமை உண்டு. 4 என்றால் அந்த ஆப்ஜெக்ட் உங்களிடம் இருக்கிறது, ஆனால் கேட்ட மதிப்புகள் பொருந்தவில்லை. 12 என்றால் அந்த ஆப்ஜெக்ட்டே உங்களிடம் இல்லை. இந்த 4, 12 வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அரை மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். 12 வந்தால் ஒரு ரோலே, அதாவது ஒரு வேலைக்கான அனுமதிகளின் தொகுப்பே, விட்டுப்போயிருக்கலாம். 4 வந்தால் ரோல் இருக்கிறது, அதன் உள்ளடக்கத்தில்தான் குறை.

ஒரே கம்பெனிதானே, பிளாண்ட் வாரியாக ஏன் பிரிக்கிறீர்கள்?

தம்பியே இதைக் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் எல்லையில் இதற்குப் பதில் தெளிவானது. கேரளத்தின் ஜிஎஸ்டி எண் 32 என்று தொடங்கும், தமிழ்நாட்டின் எண் 33 என்று தொடங்கும். ஒரே நிறுவனமாக இருந்தாலும் இந்த இரண்டு பதிவுகளும் வரிச் சட்டத்தின் கண்ணில் தனித்தனி ஆட்கள். கஞ்சிக்கோட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு நம் சரக்கை நாமே அனுப்பினாலும் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சப்ளை, ஐஜிஎஸ்டி உண்டு. பொள்ளாச்சிக்கு வந்த சரக்கை யாராவது கை தவறி 1100-ல் வரவு வைத்தால், இருப்பு ஒரு மாநிலத்திலும் பில் இன்னொரு மாநிலத்திலும் நிற்கும். அதனால்தான் பிளாண்ட் எண்ணை எல்லோருக்கும் நட்சத்திரக் குறி போட்டுத் திறந்துவிடுவதில்லை.

செய்தி வந்தவுடன் பயனர் என்ன செய்ய வேண்டும்?

வேறு எதையும் தொடாமல், அதே நேரத்தில் கட்டளைப் பெட்டியில் இதை அடிக்க வேண்டும்:

```
/oSU53
```

`/o` புதிய ஜன்னலைத் திறக்கும். பாதியில் நின்ற பதிவு பழைய ஜன்னலில் அப்படியே இருக்கும். `/nSU53` என்று அடித்தாலும் வேலை நடக்கும், ஆனால் அதுவரை அடித்ததெல்லாம் போய்விடும். `SU53` என்பது உங்களுக்குத் தோற்றுப்போன அனுமதிச் சோதனையைக் காட்டும் திரை. எந்த ஆப்ஜெக்ட், எந்த ஃபீல்டில் எந்த மதிப்பு கேட்கப்பட்டது, உங்களிடம் என்ன இருக்கிறது என்று அதில் வரும்.

அந்தத் திரையையும், மறுத்த திரையையும் முழுதாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கீழே உள்ள ஸ்டேட்டஸ் வரி தெரிய வேண்டும். கூடவே நேரம், யூசர் ஐடி, எந்த சிஸ்டம், எந்த கிளையன்ட், எந்த ஆர்டர் எண். "ஆத்தரைசேஷன் இல்லைன்னு வருது" என்ற ஒரு வரியை வைத்து யாராலும் எதையும் தேட முடியாது.

SU53 படம் வந்துவிட்டது. அதில் உள்ளதைக் கொடுத்துவிட்டால் முடிந்ததுதானே?

இல்லை. அதிகம் தவறு நடப்பது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தம்பி அனுப்பிய `SU53` படத்தில் `M_MSEG_WWE` இல்லை. `S_TCODE`, மதிப்பு `ME22N` என்று இருந்தது. `ME22N` என்பது பர்ச்சேஸ் ஆர்டரைத் திருத்தும் டிரான்சாக்‌ஷன். சரக்கு வரவு வைக்கப்போனவருக்கு இது எதற்கு? போன் செய்து கேட்டேன்.

"மறுத்ததும் ஆர்டர்ல ஏதோ தப்பு இருக்குமோன்னு அதைத் திறந்து பாக்கப் போனேன் அண்ணா. அதுவும் வரல. அப்புறம்தான் படம் எடுத்தேன்."

பழைய பதிப்புகளில் `SU53` கடைசியாகத் தோற்ற ஒரே ஒரு சோதனையை மட்டும்தான் காட்டும். புதிய பதிப்புகளில் பட்டியலாக வரும், ஆனால் அனுப்புபவர் மேலே உள்ள ஒன்றை மட்டும் படம் எடுத்து அனுப்பிவிடுவார். எப்படியானாலும் கையில் கிடைப்பது கடைசித் தோல்வி. உண்மையான தோல்வி அதற்கு முந்தையது.

நான் அந்தப் படத்தை நம்பி `ME22N` கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலாவது, தம்பியின் பிரச்சனை தீர்ந்திருக்காது. இரண்டாவது, சரக்கை வரவு வைப்பவரே ஆர்டரின் அளவையும் விலையையும் திருத்தும் நிலை வந்திருக்கும். வந்தது 80 பெட்டி, ஆர்டர் 100 பெட்டி என்றால் ஆர்டரையே 80 ஆக்கிவிடலாம். ஆர்டர் போடுபவரும் சரக்கு வாங்கி வைப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்பது கணக்குத் தணிக்கையின் அடிப்படை. ஒரு தவறான திரைப் படம் அதை ஓசையில்லாமல் உடைத்துவிடும். தம்பி நேர்மையானவர் என்பது வேறு விஷயம். அந்த உரிமை அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருபவருக்கும் போகும்.

`SU53` ஏமாற்றும் இன்னொரு விதமும் உண்டு. சில சோதனைகள் மறுப்பதற்காகச் செய்யப்படுவதில்லை. ஒரு பட்டனைக் காட்டலாமா, ஒரு பட்டியலில் ஒரு வரியைச் சேர்க்கலாமா என்று முடிவு செய்வதற்காக நிரல் கேட்டுப் பார்க்கும். "இல்லை" என்று பதில் வந்தால் பட்டனை மறைத்துவிட்டு மேலே போய்விடும். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை, ஆனால் அதுவும் `SU53`-ல் தோல்வியாகப் பதிவாகும்.

ஆகவே `SU53`-ஐ ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். செய்தி சொல்வதும் அது சொல்வதும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகவில்லை என்றால், நடக்கும் சோதனைகளை வரிசையாகப் பதிந்து காட்டும் டிரேஸ் போட வேண்டும்.

டிரேஸ் எப்படிப் போடுவது?

`STAUTHTRACE` என்ற டிரான்சாக்‌ஷன். பழையவர்கள் `ST01` போடுவார்கள், அதுவும் வேலை செய்யும். ஆனால் `ST01` நீங்கள் லாகின் செய்திருக்கும் அப்ளிகேஷன் சர்வரில் மட்டும்தான் பதியும். பயனர் வேறு சர்வரில் இருந்தால் காலித் தாள்தான் கிடைக்கும். `STAUTHTRACE`-ல் எல்லா சர்வர்களிலும் சேர்த்துப் போடும் வசதி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பயனரைப் போனில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். டிரேஸ் தேர்வுகளில் அவருடைய யூசர் ஐடியைக் கட்டாயம் கொடுங்கள். இதை விட்டுவிட்டால் மொத்த ஆலையின் சோதனைகளும் பதிவாகும், தேட முடியாத குப்பை சேரும், சிஸ்டமும் மெதுவாகும். ஆன் செய்துவிட்டு, "இப்போ முதல்ல இருந்து பண்ணுங்க, வேற எதையும் திறக்காதீங்க" என்று சொல்லுங்கள். அவர் மறுப்புச் செய்தியைப் பார்த்தவுடன் நிறுத்தச் சொல்லி, டிரேஸை ஆஃப் செய்யுங்கள். ஆஃப் செய்ய மறப்பது சகஜம். நான் போனை வைப்பதற்கு முன்பே ஆஃப் செய்துவிடுவேன்.

பிறகு அந்த இரண்டு மூன்று நிமிடத்தை மட்டும் குறித்து, மதிப்பிடும் பட்டனை அழுத்துங்கள். வரிசையாகச் சோதனைகள் வரும்: நேரம், ஆப்ஜெக்ட், கேட்ட மதிப்புகள், பதில் எண். முதலில் தோல்விகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். எது குற்றவாளி என்று சந்தேகம் வந்தால் வடிகட்டலை எடுத்துவிட்டு, அந்த வரிக்கு அடுத்து என்ன நடந்தது என்று பாருங்கள். தோல்விக்குப் பிறகும் நிரல் அதே ஓட்டத்தில் அடுத்தடுத்த சோதனைகளைச் செய்துகொண்டு போயிருந்தால், அது பெரும்பாலும் பட்டன் மறைக்கும் வகை. தோல்வியோடு ஓட்டம் நின்றுவிட்டது என்றால் அதுதான் நாம் தேடுவது. இன்னும் சந்தேகம் என்றால் அந்த வரியை இரட்டை க்ளிக் செய்யுங்கள். நிரலில் அந்தக் கேள்வி எழுதப்பட்ட இடத்துக்கே கூட்டிப்போகும். நிரல் படிக்கத் தெரியாதவர்கூட, கீழே நாலைந்து வரியில் பிழைச் செய்தி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

தம்பியின் டிரேஸில் முக்கியமானவை இரண்டு வரிகள்:

```
M_MSEG_BWE   ACTVT=01  BWART=101    0
M_MSEG_WWE   ACTVT=01  WERKS=1200   4
```

முதல் வரி மூவ்மென்ட் டைப் பற்றியது. 101 என்பது ஆர்டருக்கு எதிரான சரக்கு வரவு. அதில் அவருக்கு உரிமை உண்டு. இரண்டாவது வரிதான் நிறுத்தியது. பதில் 4, 12 இல்லை. ஆக, ஆப்ஜெக்ட் அவரிடம் இருக்கிறது.

பயனரிடம் 01-ம் இருக்கிறது, 1200-ம் இருக்கிறது. பிறகும் ஏன் மறுக்கிறது?

இந்தக் கேள்வி என்னை முதன்முதலில் ஒரு நாள் முழுக்கச் சுற்ற வைத்தது. தம்பியிடம் இரண்டு ரோல்கள் இருந்தன. ஒன்று கஞ்சிக்கோடு ஸ்டோர் ரோல்: பிளாண்ட் 1100, செயல் 01, 02, 03. இன்னொன்று முன்பு எப்போதோ டிப்போ இருப்பைப் பார்ப்பதற்காகக் கொடுத்தது: பிளாண்ட் 1200, செயல் 03 மட்டும். இரண்டிலும் `M_MSEG_WWE` உண்டு.

மேலோட்டமாகப் பட்டியலைப் பார்த்தால் 01 தெரிகிறது, 1200-ம் தெரிகிறது. "எல்லாம் இருக்கே" என்று தோன்றும். ஆனால் எஸ்ஏபி இந்த இரண்டையும் கலந்து பார்க்காது. கேட்ட எல்லா ஃபீல்டுகளும் ஒரே அனுமதிக்குள் சேர்ந்து பொருந்த வேண்டும். ஒரு அனுமதியிலிருந்து 01-ஐயும் இன்னொன்றிலிருந்து 1200-ஐயும் எடுத்து ஒட்டாது. ரேஷன் கடையில் ஒரு குடும்பத்தின் அட்டையையும் இன்னொரு குடும்பத்தவரின் கைரேகையையும் சேர்த்து அரிசி வாங்க முடியாது அல்லவா, அப்படித்தான்.

இதை நேரில் பார்க்க `SU56` திரையைத் திறந்து அந்தப் பயனரைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய பஃபரில் இப்போது உண்மையில் என்னென்ன அனுமதிகள் ஏறியிருக்கின்றன என்று வரும். எந்த ரோலிலிருந்து வந்தது என்று அறிய `SUIM`-ல் ரோல்களை அனுமதி மதிப்பு வாரியாகத் தேடலாம். டேபிள் பார்க்க உரிமை உள்ளவர்கள் `AGR_1251`-ல் ரோலுக்குள் உள்ள ஆப்ஜெக்ட், ஃபீல்டு, மதிப்பை நேராகவே பார்க்கலாம். அங்கே பிளாண்ட்டுக்குப் பதிலாக `$WERKS` என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அது நிறுவன நிலை மதிப்பு, அதாவது ரோல் முழுவதற்கும் ஒரே இடத்தில் போடும் மதிப்பு. உண்மையான எண் `AGR_1252`-ல் இருக்கும்.

எப்படிச் சரிசெய்வது?

உடனே தோன்றும் குறுக்கு வழி, அந்தப் பார்வை ரோலைத் திறந்து 03 பக்கத்தில் 01-ஐச் சேர்ப்பது. செய்யாதீர்கள். அந்த ரோல் தம்பியிடம் மட்டுமா இருக்கிறது? ரோல்களைக் கட்டும் திரையான `PFCG`-ல் அந்த ரோலின் யூசர் பக்கத்தைப் பார்த்தேன். அக்கவுன்ட்ஸில் இரண்டு பேர், விற்பனையில் ஒருவர், தம்பியோடு சேர்த்து மொத்தம் நான்கு பேரிடம் இருந்தது. தம்பியின் ஐந்து நாள் தேவைக்காக மற்ற மூன்று பேருக்கும் டிப்போவில் சரக்கு வரவு வைக்கும் உரிமை காலாகாலத்துக்கும் போயிருக்கும்.

சரியான வழி இது. ஸ்டோர் வேலைக்கென்று ஒரு தாய் ரோல், அதிலிருந்து பிளாண்ட் வாரியாகப் பிறந்த ரோல்கள் என்ற அமைப்பு எங்களிடம் உண்டு. தாய் ரோலில் என்னென்ன செய்யலாம் என்பது இருக்கும், பிறந்த ரோலில் எந்த பிளாண்ட் என்பது மட்டும் மாறும். டிப்போ ஸ்டோர்காரரிடம் இருக்கும் 1200 ரோல் ஏற்கெனவே தயார். அதைத் தம்பிக்கு ஐந்து நாளுக்கு மட்டும், தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் போட்டு, `SU01`-ல் சேர்த்தேன். அதற்கு முன்பு டிப்போ பொறுப்பாளரிடம் மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கினேன். லாரி நிற்கிறது என்ற அவசரத்திலும் இந்த மின்னஞ்சலை விடக் கூடாது. மூன்று மாதம் கழித்துத் தணிக்கையாளர் கேட்கும்போது நம் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

பிறகு யூசர் ஒப்பீட்டை ஓட்ட வேண்டும். `PFCG`-லேயே பட்டன் உண்டு, `PFUD`-லும் செய்யலாம். ரோல் என்பது நாம் கட்டிய பொட்டலம். உள்ளே உள்ள ப்ரொஃபைல் பயனரின் கணக்கில் ஏறினால்தான் வேலை நடக்கும். கடைசியில் தம்பியை வெளியேறி மறுபடி உள்ளே வரச் சொன்னேன். பல சிஸ்டங்களில் புதிய அனுமதி உடனே பஃபரில் ஏறிவிடும், ஆனால் மறு லாகின் செய்தால் அந்தச் சந்தேகமே வேண்டாம்.

கொடுத்த பிறகும் மறுக்கிறதே?

நான்கு இடங்களைப் பார்ப்பேன், இந்த வரிசையில்.

நிரல் முதல் தோல்வியிலேயே நின்றுவிடும். அதற்குப் பின்னால் இன்னொரு கதவு பூட்டியிருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. பிளாண்ட் சரியானதும் ஸ்டோரேஜ் லொகேஷன் சோதனையில் மாட்டலாம். `M_MSEG_LGO` என்ற அந்தச் சோதனை, லொகேஷன் வாரியாக ஆன் செய்து வைத்திருந்தால் மட்டுமே நடக்கும். அதனால் ஒரு லொகேஷனில் வேலை நடக்கும், பக்கத்து லொகேஷனில் நடக்காது. மறுபடி டிரேஸ் போடுவதுதான் வழி.

இரண்டாவது, ரோல் `SU01`-ல் பச்சையாகத் தெரியும், ஆனால் `SU56`-ல் ஒன்றும் இருக்காது. ஒப்பீடு ஓடவில்லை என்று அர்த்தம். அல்லது ரோலைத் திருத்திவிட்டு ப்ரொஃபைலை ஜெனரேட் செய்ய மறந்திருப்பார்கள். `PFCG`-ல் ஆத்தரைசேஷன் பக்கத்தின் விளக்கு பச்சையாக இல்லையென்றால் இதுதான்.

மூன்றாவது எங்களை நன்றாகப் படுத்தியது. பிறந்த ரோலில் பிளாண்ட்டை மாற்ற நிறுவன நிலை என்ற பட்டன் இருக்கிறது. யாரோ ஒருவர் அதைப் பயன்படுத்தாமல், `M_MSEG_WWE`-க்குள் நேராகப் போய் `WERKS` ஃபீல்டில் எண்ணை அடித்திருந்தார். அப்படிச் செய்தால் அந்த ஃபீல்டு நிறுவன நிலையிலிருந்து பிரிந்துவிடும். அதன் பிறகு பட்டன் வழியாக என்ன மாற்றினாலும் அந்த ஒரு ஆப்ஜெக்ட்டுக்கு மட்டும் போய்ச் சேராது. மற்ற ஆப்ஜெக்ட்டுகளில் புதிய பிளாண்ட் இருக்கும், இதில் பழையதே இருக்கும். டிரேஸில் ஒரே பிளாண்ட்டுக்கு சில வரி 0, சில வரி 4 என்று வந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். அந்த அனுமதியை நீக்கிவிட்டு, இயல்பாக வரும் மதிப்புகளை மறுபடி கொண்டுவந்து, நிறுவன நிலை வழியாகவே எண்ணைப் போட வேண்டும்.

நான்காவது, `SU53` "எல்லாச் சோதனைகளும் வெற்றி" என்கிறது, டிரேஸிலும் தோல்வி இல்லை, ஆனால் திரை மறுக்கிறது. இது எஸ்ஏபி அனுமதிச் சோதனையே இல்லை. நம் ஆட்களே எழுதிய நிரல் ஒரு தனி டேபிளைப் பார்த்து "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று செய்தி போட்டிருக்கும். செய்தியை இரட்டை க்ளிக் செய்து அதன் வகுப்பையும் எண்ணையும் பாருங்கள். வகுப்பின் பெயர் Z அல்லது Y-யில் தொடங்கினால் நிரலாளரிடம் போங்கள், ரோலில் தேட வேண்டாம்.

"நேத்து வரைக்கும் வேலை செஞ்சதே" என்கிறார்கள். என்ன பார்ப்பது?

முதலில் ரோலின் முடிவுத் தேதி. நேற்றோடு முடிந்திருக்கும். அது இல்லையென்றால் `SUIM`-ல் மாற்ற ஆவணங்கள் என்ற பகுதியில் பயனருக்கும் அவருடைய ரோல்களுக்கும் கடந்த சில நாளில் என்ன மாறியது, யார் மாற்றினார் என்று வரும். பல நேரம் காரணம் பயனரிடமே இருக்கும்: நேற்று வேறு பிளாண்ட், இன்று வேறு பிளாண்ட். அவருக்கு அது ஒரே வேலையாகத்தான் தெரியும்.

அவசரத்துக்கு SAP_ALL கொடுத்துவிட்டு அப்புறம் எடுத்துவிடலாமா?

கூடாது. `SAP_ALL` எல்லாவற்றையும் திறக்கும் ப்ரொஃபைல். அது கையில் இருக்கும்போது ஏறக்குறைய எந்தச் சோதனையும் தோற்காது. ஆகவே எது குறைவு என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பும் போய்விடும். அதை எடுத்த மறு நிமிடம் அதே செய்தி வரும். சோதனை சிஸ்டத்தில் தம்பியின் ரோல்களோடு ஒரு டெஸ்ட் யூசரை வைத்துச் செய்து பார்ப்பது அதைவிட வேகமானது. தம்பியின் விஷயம் போன் வந்ததிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. அதில் பாதி, ஒப்புதல் மின்னஞ்சலுக்காகக் காத்திருந்த நேரம்.

தற்காலிக உரிமை தானாகவே விலகியதா என்று எப்படி உறுதி செய்வது?

முடிவுத் தேதி தாண்டினாலும் ப்ரொஃபைல் தானாக உதிர்ந்துவிடாது. `PFCG_TIME_DEPENDENCY` என்ற பெயரில் ஒரு பின்னணி வேலை தினமும் நள்ளிரவுக்குப் பின் ஓட வேண்டும். அதுதான் காலாவதியானவற்றை எடுக்கும், தொடக்கத் தேதி வந்தவற்றைச் சேர்க்கும். `SM37`-ல் அது நேற்றிரவு ஓடி முடிந்ததா என்று பார்க்கலாம். அது நின்றுபோன சிஸ்டங்களில் திரும்பப் பெற்றதாக நாம் நினைக்கும் உரிமைகள் பயனரிடம் அப்படியே இருக்கும். இன்று முதல் கொடுத்ததாக நினைக்கும் உரிமைகள் போய்ச் சேராமலும் இருக்கும்.

ஆறாம் நாள் காலை டிப்போ ஸ்டோர்காரர் பழனியிலிருந்து திரும்பி வேலைக்கு வந்தார். `SU56`-ல் தம்பியின் பெயரைப் போட்டுப் பார்த்தேன். `M_MSEG_WWE`-ல் 1200-க்கு 03 மட்டும்தான் இருந்தது. அப்புறம் தம்பியையே ஒரு முறை `MIGO`-வில் டிப்போ ஆர்டர் எண்ணை அடித்துச் சரிபார்க்கச் சொன்னேன், சேமிக்க வேண்டாம் என்றேன்.

"அண்ணா, ஆத்தரைசேஷன் இல்லைன்னு வருது."

"சரி தம்பி, அப்படித்தான் வரணும்."

டிக்கெட்டை மூடினேன்.